36 மணிநேரத்தில் எதை விடுவது: ஓர் ஐஇஎல்டிஎஸ் ஆசிரியரின் நான்கு வாரத் திட்டம்

வேலைக்குப் போய்க்கொண்டே ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகும் பெரியவர்களுக்காக நான் நடத்தும் நான்கு வார விரைவுப் பயிற்சியின் திட்டத்தை இங்கே எழுதி வைக்கிறேன். வாரத்தில் நான்கு மாலைகள் ஒன்றரை மணிநேரம், விடுமுறை நாளில் மூன்று மணிநேரம் என்று வாரத்துக்கு 9 மணிநேரம் கிடைக்கிறது, மொத்தம் 36. வீட்டுப்பாடம் என்று தனியாக எதையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வருபவர் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து கட்டுரை எழுதுவார் என்று நம்பித் திட்டம் போட்டால், அந்தத் திட்டம் முதல் வாரத்திலேயே படுத்துவிடும்.

இந்த 36 மணிநேரத்தால் எது முடியாது என்பதில்தான் என் திட்டம் தொடங்குகிறது. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி2 நிலையை எட்ட ஏறக்குறைய 500 முதல் 600 மணிநேர வகுப்புப் பயிற்சியும், அதற்கடுத்த சி1 நிலைக்கு 700 முதல் 800 மணிநேரமும் தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் மதிப்பீடு. அதாவது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறவே 200 மணிநேரம் ஆகும். நான்கு வாரத்தில் ஒருவருடைய ஆங்கிலத்தை உயர்த்திவிடலாம் என்று சொல்லும் விளம்பரங்களை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். ஆனால் ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்துக்கும், தேர்வுத்தாளில் அவர் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவே பெரும்பாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. நேரம் போதாமல் விட்ட கேள்விகள், கேட்டதற்குப் பதில் சொல்லாத கட்டுரை, சொல்வரம்பை மீறியதால் பூஜ்யமான விடைகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன. நான்கு வாரத்தில் மீட்கக்கூடியது அது மட்டுமே. எனவே சொற்பட்டியல் மனப்பாடம், இலக்கணத்தை முதலிலிருந்து தொடங்குவது, ஆங்கிலச் செய்திகளைத் தினமும் கேட்கச் சொல்வது ஆகிய மூன்றையும் நான் திட்டத்தில் சேர்ப்பதில்லை. அவை பயனற்றவை என்பதல்ல. பலன் தர ஆறு மாதம் கேட்பவை.

முதல் வாரத்தின் முதல் விடுமுறை வகுப்பு முழுவதும் ஒரு மாதிரித் தேர்வுக்குப் போய்விடும். கேட்டல் 30 நிமிடம், வாசித்தல் 60 நிமிடம், எழுதுதல் 60 நிமிடம் என்று உண்மைத் தேர்வின் ஒழுங்கிலேயே, நடுவில் இடைவேளை இல்லாமல் நடத்துகிறேன். பேசுதல் தேர்வு 11 முதல் 14 நிமிடம்தான் என்பதால் அதை ஒவ்வொருவருக்கும் தனியாக மாலை வகுப்புகளில் வைத்துக்கொள்கிறேன். கணினியில் தேர்வு எழுதப் போகிறவர் அன்றைக்கே கணினியில்தான் எழுத வேண்டும். தாள் தேர்வு நடக்கும் இடங்களில் அதை எழுதுபவருக்குக் கேட்டல் பகுதி முடிந்ததும் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற 10 நிமிடம் உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். வாசித்தலில் இரண்டு முறையிலுமே கூடுதல் நேரம் கிடையாது. இந்தச் சின்ன வேறுபாடு தெரியாமல் ஒரு மாதம் தாளில் பழகிவிட்டுக் கணினி முன் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஒருவருடைய கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அவர் ஒரு செவிலியர். வாரத்தில் இரண்டு மூன்று இரவுப் பணிகள் வரும். பேண்டு என்று சொல்லப்படும், 9 வரை போகும் மதிப்பெண் அளவில் அவருக்குத் தேவைப்பட்டது மொத்தத்தில் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது. மாதிரித் தேர்வில் அவர் வாங்கியது கேட்டல் 6.5, வாசித்தல் 6.5, எழுதுதல் 5.5, பேசுதல் 6. நான்கையும் கூட்டினால் 24.5, நான்கால் வகுத்தால் 6.125. தேர்வின் விதிப்படி சராசரி பக்கத்திலிருக்கும் அரை பேண்டுக்குக் கொண்டுபோகப்படும், .25 வந்தால் மேலே .5-க்கும், .75 வந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் ஏறும். எனவே 6.125 என்பது 6 ஆகிவிடுகிறது. எழுதுதலில் மட்டும் 5.5 என்பது 6 ஆனால் கூட்டுத்தொகை 25, சராசரி 6.25, முடிவு 6.5. நான்கு பகுதிகளிலும் முன்னேற வேண்டும் என்று மலைத்துப்போய் வந்தவருக்கு, உண்மையில் தேவைப்பட்டது ஒரே ஒரு பகுதியில் அரை பேண்டு. இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் தாளில் போட்டுக் காட்டிவிடுவேன், ஏனென்றால் மீதி மூன்று வார நேரத்தை எங்கே செலவிடுவது என்பது அதிலிருந்துதான் முடிவாகிறது.

எல்லாருக்கும் கணக்கு இப்படிச் சாதகமாக அமைவதில்லை. மாதிரித் தேர்வில் 5 வாங்கிவிட்டு ஒரு மாதத்தில் 7 வேண்டும் என்பவரிடம், தேர்வுத் தேதியைத் தள்ளிப்போடுங்கள் என்று அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். தேதி நெருங்க நெருங்க மாற்றுவதற்கான கட்டணமும் நிபந்தனைகளும் கடுமையாகும் என்பதால், நாசூக்குக்காக இரண்டு வாரம் தள்ளிச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்த பிறகு வரும் மாலை வகுப்பில், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் தவறுகளை வகை பிரிக்கச் சொல்கிறேன். செவிலியருக்கு வாசித்தலில் 40-க்கு 27 சரி. தவறிய 13-இல் ஐந்து, மூன்றாவது உரைப்பகுதியில் நேரம் போதாமல் விடப்பட்டவை. நான்கு, ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ வகைக் கேள்விகள். வேறு இரண்டு விடைகளில், இரண்டு சொற்களுக்கு மேல் கூடாது என்ற குறிப்பை மீறி மூன்று சொற்கள் எழுதியிருந்தார். சொல்லோ வாக்கியமோ உண்மையிலேயே புரியாமல் போனவை மீதி இரண்டு மட்டும். இப்படிப் பிரித்த பிறகு, ‘எனக்கு வொக்காபுலரி போதாது’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது தானாகவே நின்றது.

வாசித்தலுக்கும் கேட்டலுக்கும் நான் ஒதுக்கும் நேரம் குறைவு, சொல்லிக்கொடுக்க வேண்டியதும் குறைவு. வாசித்தலில் மூன்று உரைப்பகுதிகளும் போகப் போகக் கடினமாகும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் மதிப்பெண் ஒன்றுதான், தவறான விடைக்குக் கழிவும் இல்லை. எனவே ஓர் உரைப்பகுதிக்கு 20 நிமிடம் என்று அலாரம் வைத்து, மணி அடித்ததும் விடை தெரியாத கட்டங்களில் ஊகத்தை எழுதிவிட்டு நகரப் பழக்குகிறேன். ‘ஃபால்ஸ்’, ‘நாட் கிவன்’ குழப்பத்துக்கு ஒரே சோதனை போதும்: வாக்கியத்தைப் பொய் என்று நிரூபிக்கும் வரியை உரைப்பகுதியில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? நூலகம் 1950-இல் கட்டப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது என்று உரைப்பகுதி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிய நாளிலிருந்து நூலகம் மாறவே இல்லை என்ற வாக்கியத்தைப் பொய்யாக்கும் வரி அங்கே இருக்கிறது. விரிவாக்கத்துக்கு அரசு பணம் கொடுத்தது என்ற வாக்கியத்துக்கு அப்படி எந்த வரியும் இல்லை. அது உலக நடப்பில் எவ்வளவு நம்பத்தக்கதாக இருந்தாலும் விடை ‘நாட் கிவன்’தான். படித்த, அனுபவம் உள்ள பெரியவர்கள் இந்த வகையில்தான் அதிகம் இடறுகிறார்கள், ஏனென்றால் உரைப்பகுதியில் இல்லாததைத் தங்கள் அறிவைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். பேசுபவர் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு, இல்லை, அன்றைக்கு முடியாது, புதன் வைத்துக்கொள்வோம் என்று திருத்துவார். முதலில் கேட்டதை எழுதியவர் அதற்குள் பேனாவைக் கீழே வைத்திருப்பார். எனவே விடை பார்த்த பிறகு, பேச்சின் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து அதே பதிவை மீண்டும் போட்டு, தவறவிட்ட ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை ஒரே சொல்லில் எழுதச் சொல்கிறேன்: திருத்தம், எழுத்துப்பிழை, பன்மை, கவனம். இரண்டு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும்.

மிச்சமாகும் நேரத்தின் பெரும்பகுதி எழுதுதலுக்குப் போகிறது, ஏனென்றால் ஆசிரியர் ஒருவர் அருகில் இல்லாமல் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாத பகுதி அதுதான். கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் சரியான விடைகளின் பட்டியல் உண்டு, கட்டுரைக்கு இல்லை. அகடமிக் தேர்வில் முதல் கேள்வி ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிப்பது, இரண்டாவது குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. இரண்டாவதற்கு இரட்டிப்பு எடை. கேட்டதற்குப் பதில் சொன்னது, கருத்துகளின் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம் என்ற நான்கு அளவுகோல்களுக்கும் சமமான பங்கு. சொல்வளத்தையும் இலக்கணத்தையும் நான்கு வாரத்தில் அதிகம் நகர்த்த முடியாது. முதல் இரண்டை நகர்த்த முடியும். இது தெரிந்த பிறகும் கட்டுரைத் திருத்தத்தில் நேரத்தையெல்லாம் பின்னிரண்டிலேயே கொட்டுவதுதான் நம் பழக்கம், ஏனென்றால் சிவப்பு மை வைக்க அவைதான் வசதி.

செவிலியரின் தாளைப் பார்த்தால் 5.5 எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. ஒரு மணிநேரத்தில் 31 நிமிடத்தை முதல் கேள்விக்கே செலவழித்திருந்தார். வரைபடத்தின் ஒவ்வொரு எண்ணையும் விடாமல் எழுதியிருந்தார். ஆனால் மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது, எது எல்லாவற்றையும்விடப் பெரியது என்று சொல்லும் பொதுநோக்கு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கிப் பொதுநோக்கைத் தராத விடை, முதல் அளவுகோலில் 5-ஐத் தாண்டுவது கடினம். இரண்டாவது கேள்வி, பணியாளர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று சிலரும் அலுவலகம் வரத்தான் வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள், இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டது. அவர் வீட்டுப் பணியின் நன்மைகளுக்கு மூன்று பத்தி கொடுத்து, அலுவலகத் தரப்பை ஒரே வாக்கியத்தில் முடித்து, தன் கருத்தைக் கடைசி வரியில் வைத்திருந்தார். 210 சொற்களில் நேரம் தீர்ந்துவிட்டது. தொடக்கமோ எந்தத் தலைப்புக்கும் ஒட்டக்கூடிய, எங்கோ மனப்பாடம் செய்த நான்கு வரி. அப்படிப்பட்ட வரிகளைத் தேர்வாளர்கள் பார்த்த உடனே கண்டுகொள்வார்கள். அவற்றால் மதிப்பெண் ஏறாது. ஆங்கிலத்தில் இருந்த பிழைகள் இரண்டு மூன்று வகைதான், அதிகம் வந்தது இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டவைப்பது.

இந்தத் தாளில் நான் குறித்தவை இரண்டே. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், கேள்வியின் எந்தப் பகுதிக்கு அந்தப் பத்தி பதில் சொல்கிறது என்று அவரையே எழுதச் சொன்னேன். அடுத்து, காற்புள்ளிப் பிழை வந்த இடங்களில் மட்டும் கோடிட்டேன். பிற பிழைகளைக் கண்டும் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் திருத்திய தாளைப் பெரியவர்கள் நன்றி சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் அப்படியே வரும்.

எழுதுதல் வகுப்பின் வாரச் சுற்று இப்படிப் போகிறது. முதல் மாலையில் பத்து நிமிடம் திட்டமிட்டு, 40 நிமிடத்தில் வகுப்பிலேயே கட்டுரை எழுதுவார்கள். மூன்றாவது மாலையில் தாளைத் திருப்பிக் கொடுத்து, அதே கட்டுரையில் பலவீனமான இரண்டு பத்திகளை மட்டும் 25 நிமிடத்தில் மீண்டும் எழுதவைப்பேன். விடுமுறை வகுப்பில் அதே வகையைச் சேர்ந்த வேறொரு கேள்வி. ‘மேடம், இதைத்தான் அன்றைக்கே எழுதிவிட்டேனே, மறுபடியும் இதையேவா?’ என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்கிறார்கள். புதுத் தலைப்பு என்றால் யோசனைக்கே பாதி நேரம் போய்விடும். எழுதிய தலைப்பையே மீண்டும் எடுக்கும்போது மனம் முழுவதும் வடிவத்தின் மேல் நிற்கும் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் பதில். வாரத்துக்கு ஒரு கேள்விவகை என்று மூன்று வாரத்தில் மூன்று வகைகள்: இரு தரப்பையும் விவாதிப்பது, ஒரு கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்பது, ஒரு சிக்கலின் காரணமும் தீர்வும்.

இங்கே ஆசிரியரின் நேரத்தையும் கணக்கிட வேண்டும். ஒரு கட்டுரைக்கு 15 நிமிடம், மீண்டும் எழுதிய பத்திகளுக்கு 5 நிமிடம் என்றால் பத்துப் பேர் உள்ள வகுப்புக்கு வாரத்தில் மூன்று மணிநேரத்துக்கு மேல் ஆகிறது. விடுமுறை நாள் கட்டுரையும் சேர்ந்தால் ஆறு. அதற்கு மேல் எண்ணிக்கை கூடினால் திருத்தம் பெயருக்கு நடக்கும். அதனால்தான் இந்தப் பயிற்சியில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வருமானக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது.

செவிலியர் இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டாவது கேள்வியை முதலில் எழுதத் தொடங்கினார். கேள்வித்தாளின் வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்ற விதி இல்லை. எல்லாருக்கும் இந்த மாற்றம் தேவையும் இல்லை. முதல் கேள்வியை 20 நிமிடத்துக்குள் முடிக்கிறவர் இருந்தபடியே எழுதலாம். இவருக்கு எண்களைக் கண்டால் ஒன்றையும் விட மனம் வராது, மருந்தட்டவணை எழுதிப் பழகிய கை. எனவே எடை அதிகமுள்ளதை முதலில் முடித்துவிட்டு, மிச்சமுள்ள 20 நிமிடத்துக்குள் வரைபடத்தை அடக்குவதுதான் அவருக்கான வழி. அதிலும் எண்களைத் தொடும் முன்பே பொதுநோக்கு வாக்கியங்களை எழுதிவிட வேண்டும் என்று ஒப்பந்தம். மூன்றாவது வாரக் கடைசியில் எழுதிய கட்டுரை 265 சொற்கள் இருந்தது. இரு தரப்புக்கும் ஒவ்வொரு பத்தி, கருத்து முதல் பத்தியிலேயே. ஆங்கிலம் முன்பிருந்த அதே ஆங்கிலம்தான். ஓரிரு இடங்களில் காற்புள்ளிப் பிழையும் இருந்தது. மதிப்பிட்டால் 6.

பேசுதலில் பெரியவர்களுக்குள்ள சிக்கல் இரண்டாவது பகுதியில் வெளிப்படும். ஒரு தலைப்பு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். பெரும்பாலானோர் 50 விநாடியில் முடித்துவிட்டுத் தேர்வாளரின் முகத்தைப் பார்ப்பார்கள். வேலையிடத்தில் சுருக்கமாகப் பேசுவதே நல்ல பண்பு என்று பழகியவர்களுக்கு, நீட்டிப் பேசுவது வெட்கமாக இருக்கிறது. மொழி ஆசிரியர்களிடையே 4/3/2 என்று வழங்கும் பயிற்சி இதற்கு ஒத்துவருகிறது: ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் பேசுவது. முதல் சுற்றில் சரக்கைத் தேடித் திணறுவார்கள். மூன்றாவது சுற்றில் அதே சரக்கு தயக்கமில்லாமல் வரும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் திரும்பச் சொல்கிறோம் என்ற சலிப்பும் தோன்றாது. நான்கு நிமிடம் பேசிப் பழகிய பிறகு இரண்டு நிமிடம் நீளமாகத் தெரிவதில்லை. யோசிக்கும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்கள் எழுதக் கூடாது, யார், எங்கே, ஏன் என்ற அளவில் ஐந்தாறு சொற்கள் போதும். எழுதிய வாக்கியத்தைப் பார்த்துப் படித்தால் குரல் மாறிப்போவது எவருக்கும் கேட்கும்.

முழு மாதிரித் தேர்வு என்று தொடக்கத்தில் ஒன்றும், மூன்றாவது வார விடுமுறை நாளில் ஒன்றுமாக இரண்டோடு நிறுத்திவிடுகிறேன். தினமும் மாதிரித் தேர்வு வைக்கும் பயிற்சிகளில் மாணவர்கள் சுறுசுறுப்பாகத் தெரிவார்கள், ஆனால் தவறுகளைப் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் அதே 27-ஐத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது வாரத்தில் புதிதாக எதையும் கற்பிப்பதில்லை. எழுதுதல் சுற்று ஒருமுறை, பேசுதல் பயிற்சி இரண்டு மாலை, கேட்டலில் ஒவ்வொருவரும் தன் பட்டியலில் அதிகம் வந்த காரணத்துக்கு மட்டும் சிறு பயிற்சி. பேசுதல் தேர்வு மற்றவற்றோடு ஒரே நாளில் அமையாமல் முன்னேயோ பின்னேயோ வேறு நாளிலும் வரலாம் என்பதால், யாருக்கு எந்த நாள் என்று அந்த வாரத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன். பணிமுறை மாற்றிக் கொடுக்கச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்க வேண்டியவர்கள் இரண்டாவது வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் விடுப்பு எடுத்தால் போதாது, இரவுப் பணி செய்பவருக்குத் தூக்கம் ஒழுங்காக இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

செவிலியருக்கு அந்த விடுப்பு கிடைக்கவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் காலையில்தான் இரவுப் பணியை முடித்துவிட்டு வந்தார். கேட்டலின் மூன்றாவது பகுதியில் ஒரு விடையைத் தவறவிட்டு, அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் அடுத்த மூன்றும் போய்விட்டன என்று பிறகு சொன்னார். முடிவு வந்தபோது கேட்டல் 6, வாசித்தல் 6.5, எழுதுதல் 6, பேசுதல் 6.5. கூட்டினால் அதே 25, முடிவு 6.5. பேசுதலில் வந்த அரை பேண்டு இல்லாமல் போயிருந்தால் மீண்டும் 6-தான். இப்போது கேட்டல் பயிற்சியில், ஒரு விடை தவறினால் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு உடனே அடுத்த கேள்வியின் மேல் விரலை வைப்பதைத் தனியாகப் பழக்குகிறேன். பதிவை நடுவில் வேண்டுமென்றே பத்து விநாடி ஒலியில்லாமல் ஓடவிட்டு, அதற்கடுத்த விடையை எத்தனை பேர் பிடித்தார்கள் என்று பார்ப்பேன். முதல் வாரத்தில் பாதிப்பேர்கூடப் பிடிப்பதில்லை.